ஒரே வயது, ஒரே எடை, இரண்டு குழந்தைகள்: இசட் ஸ்கோரைப் படிப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து அங்கன்வாடி. அங்கே யாழினி, தர்ஷினி என்று இரண்டு பெண் குழந்தைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனைதான், அளவுகள் எந்த அங்கன்வாடியிலும் காணக்கூடியவை. இருவருக்கும் இந்த வாரம் மூன்று வயது நிறைகிறது, அதாவது 36 மாதம். எடை மெஷினில் நிறுத்தினால் இருவரும் 11.0 கிலோ. வளர்ச்சி அட்டையில் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் புள்ளி விழும். பச்சைப் பகுதியின் அடிவிளிம்பு அது. இன்னும் மஞ்சளுக்குள் இறங்கவில்லை. எடையை மட்டும் பார்க்கிறவர், "ரெண்டு பேரும் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவார்.

உயரம் அளந்தால் நிலைமை வேறாகத் தெரிகிறது. யாழினி 85.0 செ.மீ. தர்ஷினி 95.0 செ.மீ. எடைப் பதிவேட்டில் ஒரே வரியாக இருந்த இருவருக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் வித்தியாசம். உண்மையில் இருவருமே ஊட்டச்சத்துக் குறைபாடு என்ற கணக்கில் வரவேண்டியவர்கள். ஆனால் இருவருக்கும் இருப்பது ஒரே குறைபாடு அல்ல. அவர்களுக்குச் செய்ய வேண்டியதும் ஒன்றல்ல, செய்ய வேண்டிய அவசரமும் ஒன்றல்ல. இதைப் பிரித்துக் காட்டும் கருவிதான் இசட் ஸ்கோர். அங்கன்வாடிகளில் பயன்படுத்தும் போஷன் டிராக்கர் செயலி அந்தக் கணக்கைத் தானே போட்டு நிறத்தைக் காட்டிவிடுகிறது. நிறம் மட்டும் போதாது. அது எங்கிருந்து வருகிறது, எப்போது அதை நம்பக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனை படி கீழே?

நன்றாகச் சாப்பிட்டு, நோய்நொடி அதிகம் இல்லாமல் வளரும் மூன்று வயதுப் பெண் குழந்தைகள் ஆயிரம் பேரை வரிசையாக நிற்கவைத்தால் எல்லோரும் ஒரே உயரம் இருக்கமாட்டார்கள். சரிநடுவில் நிற்கும் குழந்தை 95.1 செ.மீ. இருப்பாள். பெரும்பாலானவர்கள் அவளுக்குச் சற்று மேலும் கீழுமாக இருப்பார்கள். நடுவிலிருந்து விலக விலக ஆள் குறைந்துகொண்டே போகும். இந்த விலகலை அளப்பதற்கு ஒரு படி வைத்திருக்கிறார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தையின் உயரத்துக்கு அந்தப் படி ஏறக்குறைய 3.8 செ.மீ. ஒரு குழந்தை நடுவிலிருந்து எத்தனை படி தள்ளி நிற்கிறாள் என்பதுதான் இசட் ஸ்கோர். மேலே நின்றால் பிளஸ், கீழே நின்றால் மைனஸ்.

யாழினிக்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

(85.0 − 95.1) ÷ 3.8

நடுவிலிருந்து 10.1 செ.மீ. கீழே; அதைப் படியால் வகுத்தால் −2.6க்கும் −2.7க்கும் இடையில் வருகிறது. இரண்டரைப் படிக்கும் மேலே இறங்கி நிற்கிறாள். தர்ஷினிக்கு நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர்தான் குறைவு, ஆகவே அவளுடைய இசட் ஸ்கோர் கிட்டத்தட்ட பூஜ்யம். உயரத்தில் அவள் உலகத்தரத்துக்கு நேர் நடுவில் இருக்கிற குழந்தை.

உயரத்துக்கு இந்த எளிய வகுத்தல் போதும். எடைக்குப் போதாது. மூன்று வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 13.9 கிலோ. அதிலிருந்து கீழே முதல் கோடு 12.2, அடுத்தது 10.8, அதற்கும் கீழே 9.6. மேலே பார்த்தால் முதல் கோடு 15.8, அடுத்தது 18.1. இறங்கும்போது படிகள் 1.7, 1.4, 1.2 கிலோ என்று சுருங்குகின்றன, ஏறும்போது 1.9, 2.3 என்று அகலமாகின்றன. குழந்தைகள் மெலிவதற்கு ஓர் எல்லை உண்டு, பெருப்பதற்கு அந்த அளவு எல்லை இல்லை என்பதால் இப்படி. அதனால் எடை இசட் ஸ்கோரை ஒரே படியால் வகுத்துக் கணக்கிடக்கூடாது; அட்டவணையையோ செயலியையோ பார்க்க வேண்டும். ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் அட்டவணை தனித்தனி என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்று கேள்விகள்

ஒரு குழந்தையிடமிருந்து நாம் எடுப்பது வயது, எடை, உயரம் என்ற மூன்று விவரங்கள். இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்று கேள்விகள் பிறக்கின்றன.

இந்த வயதுக்கு இந்த உயரம் போதுமா? −2க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றிய குழந்தை. யாழினி இதில் வருகிறாள். −3க்குக் கீழே, அதாவது 83.6 செ.மீ.க்குக் கீழே போயிருந்தால் கடுமையாகக் குன்றியவள் என்று எழுதியிருப்போம். எலும்பு ஒரே மாதத்தில் வளராமல் நின்றுவிடாது. இந்த நிலைக்கு வர மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காரணங்கள் சேர்ந்திருக்க வேண்டும். கர்ப்பத்தில் தாய்க்குப் போதாத சாப்பாடு, பிறந்தபோதே குறைந்த எடை, ஆறு மாதத்துக்குப் பிறகு வெறும் கஞ்சியும் சாதமும், திரும்பத் திரும்ப வந்த பேதியும் சளியும் எல்லாம் அதில் இருக்கலாம். பெரும்பாலான இறக்கம் முதல் இரண்டு வயதுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. யாழினியின் 85 செ.மீ. அவளுடைய பழைய கணக்கு.

இந்த உயரத்துக்கு இந்த எடை போதுமா? இங்கே வயது உள்ளே வருவதே இல்லை. −2க்குக் கீழே போனால் மெலிந்த குழந்தை. 85 செ.மீ. உயரமுள்ள பெண் குழந்தைக்கு நடு எடை 11.4 கிலோ, யாழினி 11.0. அரைப் படிகூட இறங்கவில்லை, சுமார் −0.4. அவள் உயரத்துக்கு அவள் எடை சரியானது. பார்க்கிறவர்களுக்கு அவள் கன்னம் புசுபுசுவென்ற, வயதுக்குச் சிறிய குழந்தையாகத் தெரிவாள். தர்ஷினியின் கதை நேரெதிர். 95 செ.மீ. உயரத்துக்கு நடு எடை 13.9 கிலோவை ஒட்டி இருக்கிறது. அவளிடம் இருப்பது 11.0. இசட் ஸ்கோர் −2ஐத் தாண்டி −3க்கு நெருங்கிக்கொண்டிருக்கிறது. உயரத்தில் நடுவில் நிற்கிறாள் என்றால் இதுவரை நன்றாக வளர்ந்த குழந்தை. எடை மட்டும் இப்படிச் சரிந்திருக்கிறது என்றால் அண்மையில் ஏதோ நடந்திருக்கிறது. ஒரு நிமோனியா, விடாத வயிற்றுப்போக்கு, வேலை இல்லாமல் போன மாதங்கள், அம்மா ஊருக்குப் போய்விட்டுக் குழந்தையைப் பாட்டியிடம் விட்ட காலம், காசநோய் என்று எதுவாகவும் இருக்கலாம். விசாரிக்காமல் தெரியாது.

இந்த வயதுக்கு இந்த எடை போதுமா? −2க்குக் கீழே போனால் எடைக்குறைவுள்ள குழந்தை. மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு அந்தக் கோடு 10.8 கிலோ. யாழினியும் தர்ஷினியும் 11.0 கிலோ, அதாவது சுமார் −1.8. இரண்டு பேரும் கோட்டுக்கு மேலே. எடைக்குறைவு என்ற பட்டியலில் இருவர் பெயரும் வராது.

ஒரு குழந்தையின் எடை குறைவாக இருப்பதற்கு அவள் உயரம் குறைவாக இருப்பது காரணமாகலாம், சதை குறைவாக இருப்பது காரணமாகலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வயதுக்கான எடை இவை எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கலந்துவிடுகிறது. குன்றலையும் மெலிவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று 1970களின் தொடக்கத்திலேயே ஜான் வாட்டர்லோ என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதிவிட்டார். ஆனாலும் நம் அங்கன்வாடிகளில் நெடுங்காலம் எடை மட்டும்தான் அளக்கப்பட்டது. கிளையில் தொங்கவிடும் தராசு எங்கும் கிடைத்தது, உயரம் அளக்க நேரான பலகை கிடைக்கவில்லை என்பதே அதற்குப் பெரிய காரணம். எடை வீண் என்று சொல்லவரவில்லை. மாதாமாதம் ஒரே குழந்தையின் எடையைத் தொடர்ந்து பார்ப்பதைப் போல முன்கூட்டியே எச்சரிக்கும் அளவு வேறில்லை. இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் ஒரு பெண் குழந்தை சுமார் 2.4 கிலோ ஏற வேண்டும், அதாவது மாதம் 200 கிராம். இரண்டு மூன்று மாதம் எடை அப்படியே நின்றால், புள்ளி பச்சையில் இருந்தாலும் அது கவலைப்பட வேண்டிய விஷயம்.

"எங்க ஆளுங்களே குட்டைதான் டீச்சர்"

யாழினியின் உயரத்தைச் சொன்னதும் அவள் அம்மா சொல்லக்கூடிய முதல் வார்த்தை அனேகமாக இதுவாக இருக்கும். "அவங்க அப்பாவும் குட்டைதான் டீச்சர், எங்க மாமியாரும் அப்படித்தான்." பணியர், இருளர், குறும்பர் குடியிருப்புகளிலும், பழனி மலையில் பளியர் குடியிருப்புகளிலும் வெளியிலிருந்து போகிறவர்களே இதைச் சொல்லிக் கேட்கலாம். வெளிநாட்டுக் குழந்தையின் அளவுகோலை நம் குழந்தைமீது வைப்பது நியாயமா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. நேர்மையான கேள்வி, பதில் சொல்லாமல் கடந்துபோகக்கூடாது.

இப்போது நாம் பயன்படுத்தும் அளவுகோலை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அளந்து உருவாக்கியது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்க்குப் பிறந்த, வறுமை வளர்ச்சியைத் தடுக்காத வீட்டுக் குழந்தைகளை மட்டும் சேர்த்தார்கள். இருக்கிற குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்ப்பது நோக்கமல்ல. தடையில்லாவிட்டால் எப்படி வளர்வார்கள் என்று பார்ப்பதே நோக்கம். அதில் கண்டது இது: குழந்தைகளின் உயர வேறுபாட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் ஒரே ஊருக்குள் ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் உள்ளது, ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு சுமார் 3 சதவீதம்தான். ஐந்து வயது வரை, நல்ல சூழலில் வளர்ந்தால், ஓஸ்லோ குழந்தையும் டெல்லி குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில்தான் ஏறுகிறார்கள்.

அப்பா குட்டை என்பதும் பல நேரம் இதே கதையின் முந்தைய தலைமுறைதான். அவரும் குழந்தையாக இருந்தபோது போதாமல் வளர்ந்தவராக இருக்கலாம். அதற்காக எந்தக் குழந்தையும் பெற்றோர் உயரத்தால் குட்டையாக இருக்காது என்று அடித்துச் சொல்வதும் தவறு. −2 என்ற கோட்டை இயற்கை போடவில்லை. முழு ஆரோக்கியமான குழந்தைகளிலேயே 2.3 சதவீதம் பேர் அதற்குக் கீழே இருப்பார்கள். நாற்பது ஐம்பது குழந்தைகள் உள்ள ஓர் அங்கன்வாடியில் எல்லோரும் நன்றாக இருந்தாலும் ஒரு குழந்தை குன்றியதாகப் பதிவாகலாம். அந்த ஒரு குழந்தை குறைபாடுள்ளதா, இயல்பிலேயே சிறியதா என்று ஒரு நாள் அளவை வைத்து யாரும் சொல்லமுடியாது. அதே அங்கன்வாடியில் பத்துக் குழந்தைகள் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதற்குப் பரம்பரை பதில் ஆகாது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், 2019–21இல், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25.0 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியவர்கள், 14.6 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 22.0 சதவீதம் பேர் எடைக்குறைவானவர்கள். 2.3 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 25 என்றால் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களை மட்டும் பற்றிய செய்தி அல்ல அது. மொத்த வரிசையும் ஏறக்குறைய ஒரு படி கீழே நகர்ந்திருந்தால்தான் இப்படி வரும். −1.5இல் நிற்கிற குழந்தையும் தான் எட்டியிருக்கக்கூடிய உயரத்தை எட்டாமல் இருக்கலாம். பட்டியலில் அவள் பெயர் இல்லை, அவ்வளவுதான். இந்த மூன்று சதவீதங்களையும் கூட்டி 61.6 என்று எழுதுவதையும் சில இடங்களில் பார்க்கலாம். ஒரே குழந்தை மூன்றிலும் வரக்கூடும் என்பதால் அந்தக் கூட்டலுக்குப் பொருளே இல்லை.

மலைக்கு மட்டும் உரிய ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் அளவெடுத்த ஊர்களைத் தேர்ந்தெடுத்தபோது கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களை விலக்கிவிட்டது. உதகையும் கொடைக்கானலும் 2000 மீட்டருக்கு மேல். ரத்தசோகை பார்க்கும்போது ஹீமோகுளோபின் அளவை உயரமான ஊர்களுக்குத் திருத்திப் படிக்கும் முறை உண்டு. குழந்தையின் உயரத்துக்கு அப்படி ஒரு திருத்தம் கிடையாது. குன்னூர் குழந்தைக்கும் கும்பகோணத்துக் குழந்தைக்கும் ஒரே அட்டவணைதான். என் கருத்தில் அது சரியே. மலையில் குளிர், செங்குத்தான பாதை, மருத்துவமனைக்குத் தொலைவு, மழைக்காலச் சளி எல்லாம் குழந்தையின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்றால், அதைத் திருத்தம் போட்டு மறைப்பதால் குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லை.

ஸ்வெட்டர், பிறந்த தேதி, படுக்கை

கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் உள்ளே போகும் அளவு தவறினால் வெளியே வரும் நிறமும் தவறும். மலையில் இது நடக்கும் விதம் தனி.

முதலில் உடுப்பு. டிசம்பர் காலையில் உதகையிலோ கோத்தகிரியிலோ குழந்தையின் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னால் எந்தத் தாய்க்கும் மனசு வராது. டீச்சரும் அப்படியே ஏற்றி நிறுத்திவிடுவார். ஒரு கம்பளி ஸ்வெட்டர், உள்ளே இன்னொரு சட்டை, குல்லா, காலுறை எல்லாம் சேர்ந்து 400 கிராம் இருக்கிறது என்று வைப்போம். அப்படியானால் நம் இரண்டு குழந்தைகளின் உண்மையான எடை 11.0 அல்ல, 10.6. எடைக்குறைவுக் கோடு 10.8; இரண்டு பேரும் அதற்குக் கீழே போய்விட்டார்கள். தர்ஷினியின் விஷயத்தில் இன்னும் பெரிய மாற்றம். 95 செ.மீ. உயரத்துக்கு −3 கோடு 10.8 கிலோவை ஒட்டியே இருக்கிறது. 10.6 கிலோவில் அவள் கடுமையாக மெலிந்த குழந்தை. ஒரு ஸ்வெட்டரின் பாரம் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சையை மறைத்துவிட்டது. குளிரில் உடுப்பைக் கழற்ற முடியாவிட்டால் வழி இருக்கிறது: அதே மாதிரி ஸ்வெட்டரையும் குல்லாவையும் தனியாக எடை போட்டுக் கழிக்கலாம், அல்லது வெயில் ஏறியபின், கதவை மூடிக்கொண்டு அறைக்குள் அளக்கலாம். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் தரை சரிவாக இருக்கும். மெஷினைச் சமமான இடத்தில் வைப்பதும் முக்கியம்.

இரண்டாவது பிறந்த தேதி. வயது தவறினால் உயர இசட் ஸ்கோரும் எடை இசட் ஸ்கோரும் இரண்டுமே தவறும். காட்டையொட்டிய குடியிருப்பில் வீட்டிலேயே பிறந்து, தாமதமாகப் பதிவான குழந்தைக்கு ஆவணத்தில் ஒரு தேதியும் அம்மாவின் நினைவில் வேறொரு தேதியும் இருக்கும். தேதி தெரியாத குழந்தைகளுக்கு ஜனவரி 1 என்றோ ஜூன் 1 என்றோ போட்டுவிடுவதும் உண்டு. யாழினிக்கு உண்மையில் 30 மாதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மாதப் பெண் குழந்தையின் நடு உயரம் 90.7 செ.மீ., −2 கோடு 83.6 செ.மீ. 85.0 செ.மீ. இருக்கிற யாழினி அப்போது சுமார் −1.6. குன்றியவள் பட்டியலிலிருந்தே வெளியே வந்துவிடுவாள். ஆறு மாதத் தவறு, ஒரு படிக்கும் மேலான வித்தியாசம். ஆகவே தேதி சந்தேகமாக இருந்தால் "எப்போ பொறந்தா?" என்று மட்டும் கேட்டு விட்டுவிடக்கூடாது. பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா, அந்த வருஷம் பெரிய மழையில் மண் சரிந்ததற்கு முன்னாடியா, பக்கத்து வீட்டு எந்தக் குழந்தைக்கு மூத்தவள் என்று இழுத்துப் பிடித்து மாதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தர்ஷினியின் மெலிவு இதில் அசையாது. உயரத்துக்கான எடையில் வயதே இல்லை. தேதி நம்பமுடியாத இடங்களில் அந்த அளவுக்கு மதிப்பு அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, குழந்தை படுத்திருந்ததா நின்றதா என்பது. இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து நீளம் எடுக்க வேண்டும். இரண்டு வயதானபின் நிற்கவைத்து உயரம். படுத்தால் முதுகெலும்பு தளர்ந்து குழந்தை சுமார் 0.7 செ.மீ. நீளமாகத் தெரியும். மூன்று வயதுக் குழந்தை அடம்பிடித்து நிற்காமல் படுக்கையில் அளந்திருந்தால் 0.7ஐக் கழிக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை நிற்கவைத்து அளந்திருந்தால் 0.7ஐக் கூட்ட வேண்டும். நிற்கும்போது குதிகால், கெண்டைக்கால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை ஐந்தும் பலகையைத் தொட வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். உச்சிக் கொண்டையை அவிழ்க்க வேண்டும். ஒருவர் முழங்காலையும் கணுக்காலையும் பிடிக்க, இன்னொருவர் தலையைப் பிடித்து அளவைப் படிக்க வேண்டும். டீச்சர் மட்டும் தனியாக அளந்த உயரத்தை நான் அவ்வளவு நம்பமாட்டேன். மூன்று வயதில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் கால் படி தவறுகிறது.

தவறு நடந்திருப்பதைப் பதிவேட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். குழந்தையின் உயரம் குறையாது. சென்ற முறை 86, இந்த முறை 85 என்றால் இரண்டில் ஒன்று பொய். எல்லா உயரமும் 85, 90, 95 என்று முழு எண்ணாகவே முடிந்தால் அளந்தவர் தோராயமாகப் படித்திருக்கிறார். உயர இசட் ஸ்கோர் −6க்குக் கீழேயோ, உயரத்துக்கான எடையின் இசட் ஸ்கோர் −5க்குக் கீழேயோ வந்தால் அப்படி ஒரு குழந்தை இருப்பதைவிட எண்ணைத் தப்பாக எழுதியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனாலும் பதிவை அழிப்பதற்கு முன் குழந்தையை ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும்.

யாரை முதலில்?

கடுமையான மெலிவைக் களத்தில் ‘சாம்’ என்றும், அதற்கு முந்தைய நிலையை ‘மாம்’ என்றும் சொல்வார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையை மூன்று வழிகளில் சாம் என்று கணக்கில் சேர்க்கலாம். ஏதாவது ஒன்று இருந்தால் போதும். உயரத்துக்கான எடை −3க்குக் கீழே. மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே. இரண்டு பாதங்களிலும் வீக்கம். கைச் சுற்றளவு 11.5க்கும் 12.5க்கும் இடையில் இருந்தால் மாம். எடை அளவும் கை நாடாவும் எப்போதும் ஒரே குழந்தையைக் காட்டாது. ஒன்றில் தப்பும் குழந்தை மற்றதில் சிக்கும், அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

பாத வீக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டைவிரலால் இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுந்து நிற்கும். உடம்பில் தங்கிய அந்த நீர் எடையை ஏற்றிக் காட்டும். செயலி பச்சை காட்டும் குழந்தை உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கக்கூடும். இந்தக் குழந்தைக்கு இசட் ஸ்கோரே பார்க்க வேண்டாம். நேராக மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

தர்ஷினிக்கு இப்போது என்ன? ஸ்வெட்டர் இல்லாமல் மறுபடி எடை, கை நாடா, பாதம். எடை உண்மையிலேயே 11.0 கிலோ, கை 12.2 செ.மீ., வீக்கம் இல்லை என்றால் அவள் மாம். கிராமச் செவிலியர் அவளை ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டும். காய்ச்சல், இருமல், பேதி, பசி எப்படி என்று கேட்க வேண்டும்; வீட்டில் யாருக்காவது நீண்ட இருமல் உண்டா என்பதையும் சேர்த்து. சத்துமாவும் முட்டையும் கொடுத்தால் மட்டும் போதாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும். எடை ஏறாவிட்டாலோ, பசியே இல்லை என்றாலோ காத்திருக்கக்கூடாது. 2022 மே மாதம் முதல்வர் மு.க. ஸ்டாலின் உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவில் தொடங்கிவைத்த ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம், இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடி அளந்து, மருத்துவப் பரிசோதனைக்கும் சிறப்பு உணவுக்கும் அனுப்புவதற்காகவே வந்தது. மூன்று நிலைகளில் மெலிவுக்குத்தான் உடனடி ஆபத்து அதிகம். ஒரு நிமோனியா வந்தால் தாங்குவதற்கு அவள் உடம்பில் சேமிப்பு இல்லை.

யாழினிக்கு அப்படிப்பட்ட அவசரம் இல்லை, ஆனால் அவளை விட்டுவிடவும் கூடாது. "எடை பச்சையில் வரணும்" என்று அவளுக்குச் சர்க்கரையும் எண்ணெயும் பிஸ்கட்டும் ஏற்றினால் கனம்தான் கூடும், உயரம் கூடாது. அவள் உயரத்துக்கு அவள் எடை ஏற்கெனவே சரியாக இருக்கிறது. அவளுக்கு வேண்டியது முட்டை, பால், பயறு, கீரை போன்ற சாப்பாடு தினமும், அடிக்கடி பேதி வராத தண்ணீர், விட்டுப்போன தடுப்பூசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம். இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் ஒரு பெண் குழந்தை சுமார் ஒன்பது சென்டிமீட்டர் வளர்கிறாள். மூன்றுக்குப் பிறகு வேகம் கொஞ்சம் குறையும். அடுத்த வருடம் அவள் ஆறு ஏழு சென்டிமீட்டர் ஏறுகிறாளா என்று பார்த்தால், இடைவெளி அப்படியே நிற்கிறதா, இன்னும் அகல்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அவள் வீட்டில் எட்டு மாதத் தம்பி ஒருவன் இருந்தால் அவனையும் அதே நாளில் படுக்கவைத்து நீளம் எடுத்துவிடுவது நல்லது. யாழினியின் உயரம் இறங்கிய அந்த இரண்டு வருடங்களில் பெரும்பகுதி அவனுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. அவனுடைய கோடு இப்போதே −1.5க்குச் சரிந்திருந்தால், பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருக்காமல் அம்மாவிடம் கேட்கத் தொடங்கலாம்: கஞ்சி எத்தனை கெட்டியாக, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, அதில் முட்டையோ பருப்போ உண்டா, அவர் தேயிலை பறிக்கப் போகிற நேரத்தில் பிள்ளைக்கு யார் ஊட்டுகிறார்கள்.